அட்டவணையைக் கீழிருந்து படிக்கலாம்

வங்கிச் செயலியில் எல்லோரும் பார்ப்பது கணக்கு மீதி. கிட்டத்தட்ட யாருமே பார்க்காதது, கடன் பகுதிக்குள் நாலைந்து தடவை தட்டினால் வரும் 'ரீபேமெண்ட் ஷெட்யூல்'. தவணை எண், தொடக்க நிலுவை, இஎம்ஐ, வட்டி, அசல், முடிவு நிலுவை என்று ஆறு பத்திகள். இருபது வருடக் கடனுக்கு 240 வரிசைகள். மதுரையில் ஃபிளாட் வாங்கிய என் சித்தி மகன் தன் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். கூடவே ஒரு புலம்பல்: "அண்ணே, ஒரு வருஷத்துல மூணு லட்சத்துக்கு மேல கட்டிட்டேன். அசல்ல அறுபதாயிரம்கூட கழியல. பேங்க்காரன் மொத்த வட்டியையும் முன்னாடியே உருவிக்கிறான்போல."

அந்த அட்டவணையையும் அதைக் காட்டும் செயலியையும் சேர்த்தே இங்கே விமர்சிக்கிறேன். வங்கியின் பெயர் வேண்டாம். மற்ற செயலிகளும் பெரிய வித்தியாசம் இல்லை.

கடன் 30 லட்சம், வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் வரிசையில் வட்டி 21,250, அசல் 4,785 என்று இருக்கிறது. இது சரிதானா என்று பார்க்க கால்குலேட்டர் போதும். தொடக்க நிலுவையை 8.5-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி வரும். 30 லட்சத்துக்கு அது 21,250. தவணையில் வட்டி போக எஞ்சுவது அசலில் கழியும். அதைக் கழித்தால் 29,95,215. அடுத்த வரிசையின் தொடக்க நிலுவை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மறுபடி ஒரு மாத வட்டி போட்டால் 21,216. வட்டி 34 ரூபாய் குறைந்தது, அசல் அதே 34 ரூபாய் கூடியது. மொத்த அட்டவணையும் இந்த ஒரே கணக்கை 240 முறை திருப்பிச் செய்வதுதான். அதற்குப் பின்னால் வேறு சூத்திரம் ஒளிந்திருக்கவில்லை.

ஆக, தம்பியின் சந்தேகத்துக்கு அட்டவணையே பதில் சொல்லிவிடுகிறது. முதல் மாதம் வாங்கியது 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே. வரப்போகும் வருடங்களின் வட்டியில் ஒரு பைசாவும் அதில் இல்லை. வட்டி என்பது இன்னும் நம் கையில் இருக்கும் பணத்துக்கு அந்த மாத வாடகை. ஆரம்பத்தில் பணம் முழுவதும் நம்மிடம் இருப்பதால் வாடகை அதிகம். தவணை மாறாத தொகை என்பதால் அசலுக்கு மிஞ்சுவது சொற்பம். முதல் வருடம் முடிந்ததும் கடனை மொத்தமாக அடைக்கப் போனால் அவன் கட்ட வேண்டியது சுமார் 29.40 லட்சம்தான். வட்டியை முன்கூட்டியே உருவியிருந்தால் இந்தக் கணக்கு இப்படி வராது.

ஸ்கிரீன்ஷாட்டில் சில இடங்கள் இடறும். சில வங்கிகள் மாதத்தை 12-இல் ஒரு பங்காக எடுக்காமல், நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. அப்போது அதே 30 லட்சத்துக்கு 31 நாள் மாதத்தில் 21,658 ரூபாயும், 28 நாள் பிப்ரவரியில் 19,562 ரூபாயும் வரும். வட்டிப் பத்தி சீராக இறங்காமல் ஏறி இறங்கினால் காரணம் இதுவாக இருக்கும். அதில் தவறு இல்லை. ஆனால் எல்லா வரிசைகளிலும் வட்டி ஒரே தொகையாக நின்றால் உஷாராக வேண்டும். அது 'ஃபிளாட் ரேட்' கடன்: அசல் குறையக் குறைய வட்டி குறையாது, முதல் நாள் தொகைக்கே கடைசி வரை வட்டி. டூவீலர், வீட்டுச் சாமான் கடன்களில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்; சொல்லும் சதவீதம் சிறிதாக இருக்கும், உண்மையில் விழும் வட்டி அதைவிட வெகு அதிகம்.

செயலியின் முதல் குறை, அட்டவணையை மேலிருந்து மட்டுமே காட்டுவது. பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிசை வீதம் தள்ளிக்கொண்டே போக வேண்டும், பாதியில் அலுத்துவிடும். ஆனால் இந்த அட்டவணையின் சூட்சுமம் கீழேதான் இருக்கிறது. முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க, நானே ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுக்கொண்டேன். தவணை, அதில் வட்டி, அதில் அசல் மூன்றுக்கும் மூன்று வாய்பாடு போதும்:

```
=PMT(8.5%/12, 240, -3000000)
=IPMT(8.5%/12, 1, 240, -3000000)
=PPMT(8.5%/12, 1, 240, -3000000)
```

பின்னிரண்டிலும் நடுவில் இருக்கும் 1 என்பது தவணை எண். அதை மாற்றினால் எந்த வரிசையும் கிடைக்கும்.

கடைசி வரிசையில் வட்டி 180 ரூபாய்ச் சொச்சம், மற்றதெல்லாம் அசல். அங்கிருந்து மேலே ஏற ஏற வட்டி கூடுகிறது. கீழிருந்து 98-ஆவது வரிசை வரை அசல்தான் பெரிது. 99-இல் வட்டி முந்திக்கொள்கிறது. மேலிருந்து எண்ணினால் அது 142-ஆவது தவணை. அதாவது கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் தவணையில் பாதிக்கு மேல் வட்டி.

இந்த 98 என்ற எண் கடன் தொகையைப் பொறுத்தது அல்ல. 30 லட்சமானாலும் 3 லட்சமானாலும், வட்டி 8.5 சதவீதம் என்றால் கடைசி 98 தவணைகளில்தான் அசல் ஜெயிக்கும். அதனால்தான் 'ஆரம்பத் தவணையெல்லாம் வட்டிதான்' என்பது எல்லாக் கடனுக்கும் பொருந்தாது. ஐந்து வருடக் கார் கடனில் இருப்பதே 60 வரிசைகள், 9.5 சதவீத வட்டியானாலும் முதல் தவணையிலேயே சுமார் 62 சதவீதம் அசலுக்குப் போகும். முப்பது வருட வீட்டுக் கடனில், 8.5 சதவீதத்துக்கு, முதல் தவணையில் அசலின் பங்கு 8 சதவீதம்கூட வராது.

இன்னொன்றும் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும். தம்பி அட்டவணையின் கடைசி 180 வரிசைகளை மட்டும் வெட்டி எடுங்கள். அது அப்படியே ஒரு பதினைந்து வருடக் கடனின் அட்டவணை. தவணை அதே 26,035. அதன் தொடக்க நிலுவை சுமார் 26.44 லட்சம். அதாவது இதே தவணைக்குப் பதினைந்து வருடத்தில் 26.44 லட்சம் கிடைத்திருக்கும். இருபது வருடம் ஆக்கியதால் கூடுதலாகக் கிடைத்தது 3.56 லட்சம். அதற்காக மேலே ஒட்டிக்கொண்டவை 60 வரிசைகள், கட்டப்போவது 15.62 லட்சம். கடன் வாங்கும்போது மேலாளர் எதிரில் உட்கார்ந்து இருபதா பதினைந்தா என்று முடிவு செய்பவர்களில் எத்தனை பேர் இந்த வெட்டைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 'லட்சத்துக்கு இவ்வளவு இஎம்ஐ' என்ற அட்டையைத்தான் நீட்டுகிறார்கள்.

இனி தம்பி கேட்ட நேரடிக் கேள்வி. பன்னிரண்டு தவணை கட்டியாயிற்று. சீட்டு எடுத்த ஒரு லட்சம் கையில் இருக்கிறது. கடனில் போட்டால் என்ன ஆகும்? இதற்கு ஸ்கிரீன்ஷாட்டே போதும். 13-ஆவது வரிசையிலிருந்து அசல் பத்தியை மட்டும் கூட்டிக்கொண்டே வாருங்கள். 18 வரிசை கூட்டினால் ஏறத்தாழ 99,600 வரும். ஒரு லட்சம் கட்டினால் அந்தப் பதினெட்டு வரிசைகளும் போய்விடும். அவற்றின் வட்டிப் பத்தியைக் கூட்டினால் சுமார் 3.69 லட்சம், மிச்சமாவது அதுதான். அதே ஒரு லட்சத்தை 180 தவணை முடிந்து கட்டினால் ஆறு வரிசைகூடப் போகாது, மிச்சம் சுமார் ஐம்பதாயிரம்.

இதைப் பார்த்து உடனே நகையை விற்றுக் கட்டக் கிளம்ப வேண்டாம். 3.69 லட்சம் என்பது பதினேழரை வருடம் கழித்துக் கட்டாமல் விடும் தவணைகளில் தெரியும் லாபம். எப்போது கட்டினாலும் அந்தப் பணம் சம்பாதித்துத் தருவது வருடத்துக்கு அதே 8.5 சதவீதம்தான். டெபாசிட்டில் வரி போகக் கிடைப்பதோடு அதை ஒப்பிட வேண்டும். அவசரத்துக்குக் கையில் எவ்வளவு வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. எனவே அந்தப் பயம் தேவையில்லை.

செயலியின் இரண்டாவது குறை இன்னும் பெரியது: அட்டவணையில் வட்டி விகிதமும் இல்லை, எந்தத் தேதியில் தயாரானது என்பதும் இல்லை. மாறும் வட்டிக் கடனில் இது மோசம். வட்டி 9.5 சதவீதமாக உயர்ந்து, தவணை அதே 26,035-ஆக நின்றால், தம்பிக்கு மிச்சமிருக்கும் 228 தவணை 285 ஆகிவிடும். பழைய ஸ்கிரீன்ஷாட் இதில் எதையும் சொல்லாது. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது பலருக்கு நடந்தது இதுதான். தவணை மாறாததால் காலம் நீண்டது கண்ணில் படவில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும், மிச்சத் தவணை எண்ணிக்கையும் வருட வட்டியும் உள்ள அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. செயலியில் அந்த அறிக்கை இருக்கிறது. ஆனால் அட்டவணைக்கு ஒரு மூலை, அறிக்கைக்கு வேறொரு மூலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்கிரீன்ஷாட் செல்லுபடியாகுமா என்று தெரியும்.

முன்கூட்டிக் கட்டும் பக்கம் வேலை செய்கிறது, பணம் உடனே கணக்கில் ஏறுகிறது. அங்கே இரண்டு தேர்வுகள்: காலத்தைக் குறைப்பது, இஎம்ஐயைக் குறைப்பது. இந்தச் செயலி தானாகவே இரண்டாவதில் புள்ளி வைத்திருக்கிறது. அப்படியே விட்டால் தம்பியின் தவணை 885 ரூபாய் குறையும், வரிசைகள் அப்படியே இருக்கும், மொத்த மிச்சம் ஒரு லட்சம் சொச்சத்தோடு நின்றுவிடும். மாதச் செலவுக்கு இழுபறி என்றால் அதுவும் நியாயமான தேர்வுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பவர் நாமாக இருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு புது அட்டவணையை இறக்கி, நேராகக் கடைசி வரிசைக்குப் போங்கள். அங்கே 222 என்று இருந்தால் காலம் குறைந்திருக்கிறது. 240 என்றே இருந்தால் இஎம்ஐயைத்தான் குறைத்திருக்கிறார்கள். கிளைக்கு எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டும்.