கோவலன் ஏன் வீட்டுக்குப் போகவில்லை?

கோவலனைப் பற்றி வகுப்பில் கேட்டால் இரண்டு தீர்ப்புகள் வரும். ஒன்று, பெண்பித்தன். மற்றொன்று, ஊழ்வினை ஆட்டிய பொம்மை. சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கடைசி பெஞ்சு மாணவர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார்: "மாதவியை விட்டு வந்தாச்சு, சரி. அப்பா மாசாத்துவான் பெரிய வணிகர். அவர்கிட்ட முதல் வாங்கித் தொழில் பண்ணாம மதுரைக்கு எதுக்கு சார் போனான்?" அவர் வீட்டில் பட்டாசு வியாபாரம். தீபாவளிக்கு அனுப்பிய சரக்குக்குப் பணம் வராமல் நொடித்த ஒருவர், பங்காளி முகத்தில் விழிக்கக் கூசி இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போவதை அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கோவலனும் விடியுமுன்தான் புகாரை விட்டுப் போகிறான். முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்த வறுமை தனக்கு நாணம் தருவதாகக் கண்ணகியிடம் அவனே சொல்கிறான். கொடுத்தே பழகிய கை அது. மணிமேகலைக்குப் பெயரிட்ட நாளில் தானம் வாங்க வந்த முதியவரை யானை பிடித்தபோது பாய்ந்து மீட்டான். பொய்ச்சாட்சி சொல்லிப் பூதத்திடம் சிக்கியவனுக்காகத் தன் உயிரையே ஈடாகக் கொடுக்க முன்வந்தான். அது நடக்காதபோது அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு காப்பாற்றினான். இவ்வளவு இரக்கமுள்ளவனுக்குத் தன் மனைவியின் துயரம் மட்டும் தெரியாமல் போனதேன்? அந்நியரிடம் அவன் கொடுப்பவன். கண்ணகியிடம் அவன் கடன்பட்டவன். அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை என்பது என் வாசிப்பு.

கானல்வரிப் பிரிவையும் இப்படிப் படிக்கலாம். 1008 கழஞ்சுக்கு மாலை வாங்கி அடைந்த மாதவி, தன் பாட்டில் இன்னொருவனை நினைக்கிறாள் என்று அவனுக்குப் படுகிறது. விலை கொடுத்தவனின் செருக்கில் அடி விழுகிறது. ஆனால் இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. மாதவியோடு கழிந்த அந்த ஆண்டுகளை நாணத்தால் விளக்க முடியாது. அங்கே ஆசைதான் ஆண்டது. நாணம் பின்னால் வந்தது. ஊழ் என்று இளங்கோ சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாணவர் தேர்வில் அதை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறைப்பேன்; எல்லாருக்கும் பொருந்தும் காரணம் கோவலனை விளக்காது.

எனக்குக் கடைசிச் சான்று ஊர்காண் காதை. மதுரை வணிகரிடம் தன் நிலையைச் சொல்லிவிட்டு வருவதாகக் கவுந்தியிடம் கூறிப் போகிறான். கணிகையர் வீதி, மணிக்கடைகள், கூலக்கடைகள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறான். யாரையும் சந்தித்ததாகக் காப்பியத்தில் ஒரு சொல் இல்லை. அப்படியே திரும்பிவிடுகிறான். தந்தையின் பெயரைச் சொன்னால் அந்நகர்ப் பெருவணிகர் அவனை விருந்தாக ஏற்பார்கள் என்பதைப் பின்னால் மாதரியிடம் கவுந்திதான் சொல்ல வேண்டியிருக்கிறது.