மே மாதம் ஆண்டு முழுக்கச் சிதறியது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தன் யூனிட்டில் சரக்கு அனுப்பிய தேதியை அது நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறது. அமெரிக்க பையரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆர்டர் பட்டியலில் மாதம் முன்னால் வருகிறது. மெர்ச்சண்டைசர் இரண்டையும் ஒரே சி.எஸ்.வி. கோப்பாக ஒட்டுகிறார். பதிவான வரிசைப்படி ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கிறார்.

```
ref,date,source
7101,03/05/2024,unit
7102,05/04/2024,buyer
7103,15/05/2024,unit
7104,05/16/2024,buyer
```

நான்குமே மே மாதத் தேதிகள்: 3, 4, 15, 16. இந்தக் கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் என்ன தெரியும் என்பது அந்தக் கணினியின் விண்டோஸ் வட்டார அமைப்பைப் பொறுத்தது. அமெரிக்க அமைப்பு என்றால் 7101 மார்ச் 5 ஆகிவிடும். 7102, 7104 சரியாக வரும். 15ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 7103 தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே நிற்கும். இந்திய அமைப்பு என்றால் 7101, 7103 சரி. 7102 ஏப்ரல் 5 ஆகும். 7104 எழுத்தாக நிற்கும். எந்த அமைப்பிலும் நான்கும் சரியாக வராது. ‘ரீஜன் செட்டிங்கை மாத்துங்க, சரியாயிடும்’ என்று அலுவலகங்களில் சொல்லப்படும் வைத்தியம் கலவைக் கோப்புக்கு உதவாது. தப்பாக வரும் வரிகள் வேறாகும், அவ்வளவுதான்.

எழுத்தைத் தேதியாக மென்பொருளே ஊகித்து மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை மொத்தமாகக் கண்டிப்பது சுலபம், நியாயமும் ஆகாது. கையால் 3/5 என்று தட்டும் ஒருவருக்கு அது அருமையான வசதி. தட்டிய நொடியிலேயே அந்தச் செல் 03-மே என்று மாறுவதை அவர் பார்க்கிறார். தப்பாக மாறினால் அப்போதே திருத்துகிறார். எக்செல் தேதியை 1900 ஜனவரி 1 முதலான நாள் எண்ணிக்கையாகத்தான் சேமிக்கிறது: 2024 மே 3 அதற்கு 45415. இப்படி எண்ணாக மாறினால்தான் வரிசைப்படுத்தவும், இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று கழிக்கவும் முடியும். தினமும் லட்சக்கணக்கானோர் தட்டும் தேதிகள் மறுபேச்சின்றிக் கணக்குக்கு உதவுவது இந்த ஊகத்தால்தான்.

கோப்பு இறக்குமதியில் அதே ஊகம் வேறு குணம் கொள்கிறது. ஆயிரம் வரிகள் ஒரே நொடியில் மாறுகின்றன. பார்க்க ஆள் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஊகம் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக நடப்பது. 7103 மாற மறுத்தது என்றால் மேலே இருக்கும் 7101இன் மாற்றமும் சந்தேகத்துக்குரியது என்று எக்செல் யோசிப்பதில்லை. மரபணு ஆய்வாளர்கள் இதில் பட்டது பிரசித்தம்: SEPT1 என்ற மரபணுப் பெயர் செப்டம்பர் 1 ஆகிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயரையே SEPTIN1 என்று மாற்றிக்கொண்டார்கள். எழுத்தும் எண்ணும் ஒட்டிய அத்தகைய சொற்களைத் தேதியாக்காமல் விடும் அமைப்பை மைக்ரோசாஃப்ட் பிறகு கொடுத்தது. 03/05/2024 போன்ற எழுத்துக்கு அந்த அமைப்பு உதவாது. பார்வைக்கு அது தேதியேதான்.

கலப்பில்லாத கோப்பிலேயே சேதம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நாள் முன்னால் வரும் கோப்பை, மாதம் முன்னால் வரும் கணினியில் திறக்கிறோம். லீப் அல்லாத ஆண்டின் 365 நாளில் 221 நாள்கள் 12ஐத் தாண்டிய தேதிகள். அவை மாறாமல் எழுத்தாக நிற்கும். மீதி 144இல் 1/1, 2/2 போன்ற 12 நாள்கள் எப்படிப் படித்தாலும் ஒன்றே. எஞ்சிய 132 நாள்கள் சத்தமில்லாமல் வேறு நாளாகின்றன. இடதுபுறம் ஒட்டி நிற்கும் 221ஐத்தான் மனிதர் முதலில் கவனிக்கிறார். அவற்றைத் திருத்தி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். உண்மையில் பழுதானவை வலதுபுறம் ஒழுங்காக நிற்கும் அந்த 132தான்.

பழுதைக் கண்டுபிடிக்க நல்ல தடயங்கள் உண்டு. ஒரே ஒரு மாதத்தின் தரவு, உதாரணமாக மே, இப்படித் திறக்கப்பட்டால், மே 1 முதல் 12 வரையானவை ஜனவரி 5, பிப்ரவரி 5 என்று டிசம்பர் 5 வரை ஆண்டு முழுக்கச் சிதறிவிடும். மாதவாரியாகத் தொகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதத்திலும் ஐந்தாம் தேதியில் மட்டும் விற்பனை நடந்திருக்கும். ஜூன் தொடக்கத்தில் எடுத்த அறிக்கையில் டிசம்பர் தேதி வருவதும் அதே கதை. இன்னொரு தடயம் இன்னும் நறுக்கென்றது: தேதியாக மாறிய செல்களில் நாள் என்ற பாகம் மட்டும் எவ்வளவு பெரியது என்று பார்ப்பது.

```
=MAX(IF(ISNUMBER(B2:B1000),DAY(B2:B1000)))
```

(பழைய எக்செல்லில் இதை Ctrl+Shift+Enter அழுத்தி உள்ளிட வேண்டும்.) மாறிய தேதிகளில் மிகப் பெரிய நாளை இது தேடித் தரும். பல மாதங்கள் கொண்ட கோப்பில் விடை 12 என்று வந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மூல மாதம்தான் இப்போது நாளாக உட்கார்ந்திருக்கிறது, மாதம் 12ஐத் தாண்டாதே. ஆனால் நம் திருப்பூர்க் கோப்பில் இந்தச் சோதனை தோற்றுவிடும். அமெரிக்க அமைப்பில் 7104 முறையாக மே 16 ஆகியிருக்கிறது. விடை 16 என்று வரும். கோப்பு நல்ல கோப்பு போலத் தோன்றும். கலவையின் உண்மையான கெடுதல் இதுதான்: பழுதின் தடயத்தை அது தானே துடைத்துவிடுகிறது.

கோப்பு கைமாறினால் ஒரு தடயம் தற்செயலாகப் பிறக்கும். அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்து எக்செல் கோப்பாகச் சேமித்ததை, இந்திய அமைப்புள்ள கணினியில் திறந்தால், தேதியாக மாறியவை அந்த ஊர் வழக்கப்படி 05-03-2024 என்று சிறுகோட்டோடு தெரியும். மாறாத எழுத்துகள் 15/05/2024 என்று சாய்கோட்டோடே நிற்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டு விதக் கோடுகள் கண்ணில் பட்டால், அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டாம். எது மாறியது, எது மாறவில்லை என்பதற்கு அது கண்ணுக்குத் தெரியும் சாட்சி.

பைத்தானின் பாண்டாஸ் நூலகம் இதே பழக்கத்தைக் கொண்டிருந்து பிறகு திருத்திக்கொண்ட விதம் கவனிக்கத் தக்கது. முன்பு அதுவும் எக்செல் போலத்தான்: ஒரே நெடுவரிசையில் ஒரு தேதியை மாதம் முன்னாலும் அடுத்ததை நாள் முன்னாலும் படித்துவிடும். 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பு முதல், முதல் மதிப்பைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்து எல்லாவற்றுக்கும் அதையே பொருத்துகிறது; பொருந்தாத ஒன்று வந்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஊகிப்பதை விட்டுவிடாமல், செல் அளவிலிருந்து நெடுவரிசை அளவுக்கு அதை உயர்த்தியது பெரிய முன்னேற்றம் என்றே நினைக்கிறேன். நம் கோப்பு 7103இலேயே முட்டி நிற்கும்.

அதற்கும் எல்லை உண்டு. நாள் முன்னால் வரும் கோப்பில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்கள் மட்டும் இருந்தால், அது எந்த முட்டலும் இல்லாமல் தப்பாகவே உள்ளே போய்விடும். `dayfirst=True` என்று எழுதினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கட்டளை அல்ல, சாய்வு மட்டுமே என்று அதன் ஆவணமே சொல்கிறது. பிழை வந்ததும் வலையில் தேடி `format="mixed"` என்று சேர்த்துவிடுகிறவர்கள், ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே ஊகிக்கும் பழைய நோயை விரும்பி வரவழைக்கிறார்கள். நம்பத்தக்கது வடிவத்தை முழுதாகச் சொல்வதுதான், அதுவும் மூலத்துக்கு ஒன்றாக:

```python
t = df["date"]
us = df["source"] == "buyer"
df.loc[us, "d"] = pd.to_datetime(t[us], format="%m/%d/%Y")
df.loc[~us, "d"] = pd.to_datetime(t[~us], format="%d/%m/%Y")
```

எக்செல்லில் இதற்கு இணையான வழி, கோப்பை இருமுறை சொடுக்காமல் Data பட்டியில் From Text/CSV வழியாகக் கொண்டுவருவது. அங்கே Data Type Detection என்ற இடத்தில் Do not detect data types என்று தேர்ந்தால் தேதிகள் எழுத்தாகவே வந்து சேரும். பிறகு மூல நெடுவரிசையைப் பார்த்து வாய்ப்பாட்டால் பிரிக்கலாம்:

```
=IF(C2="buyer",
 DATE(RIGHT(B2,4),LEFT(B2,2),MID(B2,4,2)),
 DATE(RIGHT(B2,4),MID(B2,4,2),LEFT(B2,2)))
```

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. DATE சார்பு 12க்கு மேற்பட்ட மாதத்தைக் கண்டு பிழை காட்டாது. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடும். 7103இன் மூலத்தை யாரோ தவறாக பையர் என்று குறித்திருந்தால், 15ஆவது மாதம் 5ஆம் நாள் 2025 மார்ச் 5 ஆகிவிடும். ஆகவே கிடைத்த தேதியை TEXT கொண்டு பழைய வடிவத்தில் திரும்ப எழுதி, மூல எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒப்பீடு 12க்கு மேற்பட்ட எண்களைத்தான் பிடிக்கும். 7101இல் மூலக்குறிப்பு தப்பென்றால் பிடிக்காது.

மூலக்குறிப்பே இல்லாமல் ஒட்டிய கோப்புகள்தான் நடைமுறையில் அதிகம். அப்போது பக்கத்து வரிகள் உதவும். 7101 மே 3தான் என்று உறுதியாகத் தெரிந்தால், 7102 மே 3க்கும் மே 15க்கும் நடுவில் பதிவானது. அது ஏப்ரல் 5ஆக இருக்க முடியாது, மே 4தான். பதிவு எண்கள் உண்மையிலேயே தேதி வரிசையில் ஓடினால் மட்டும் இந்த வாதம் நிற்கும். பழைய ஆர்டரைப் பிந்திப் பதிவு செய்யும் வழக்கம் இருந்தால் நிற்காது. சரக்கு அனுப்பிய நாள் ஆர்டர் வந்த நாளுக்கு முந்தி இருக்காது என்பது இன்னொரு பிடி. இரண்டும் கைகொடுக்காத வரிகளின் தேதியை வெறுமையாக விட்டு, மூல எழுத்தைப் பக்கத்து நெடுவரிசையில் அப்படியே வைத்திருக்கலாம். பையரிடம் அந்த வரிகளை மட்டும் 2024-05-04 என்ற வடிவில் மறுபடி கேட்டு வாங்கலாம். ஆண்டு முன்னால் வரும் அந்த வடிவத்தை இரண்டு வட்டார அமைப்புகளிலும் எக்செல் ஒரே நாளாகப் படிக்கும்.