பென்னிகுவிக்கை இறக்கிவிட்ட கட்டுரை

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் தங்கள் கதையை எழுதிக் காட்டும் பிரதிகளை வாசித்தால், மூன்றாம் பத்தியில் பென்னிகுவிக் வந்துவிடுவார். 1895-இல் அவர் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று தண்ணீர் இறங்கும் வழியெல்லாம் கட்டுரையும் இறங்கும். பிறகு பன்னீர் திராட்சை, வீரபாண்டித் திருவிழா. எழுதியவரின் அம்மா பத்தாம் பக்கத்தில்தான் வாய் திறப்பாள்.

வைகை அணைக்காக ஊர்கள் மூழ்கியதைச் சொல்ல வந்த வைரமுத்து, 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தைப் பேயத்தேவர் என்ற ஒரு கிழவர் தலையில்தான் ஏற்றினார். நாவலே அப்படியென்றால், நான்கு பக்க நினைவுக் கட்டுரை எத்தனை பேரைச் சுமக்கும்?

எனக்கும் அந்த வியாதி இருந்தது. போடி ரயிலைப் பற்றி எழுதினேன், 2,400 சொல். கேட்டது 900. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் வண்டி நின்றது, 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் அகலப்பாதையில் திரும்பியது, பெரியாறு அணை, ஆண்டிபட்டிக் கணவாய், ஏலக்காய் வியாபாரம் எல்லாம் இருந்தன. முதலில் பத்திக்கு இரண்டு வரி எடுத்தேன். 1,900 ஆனது. ஒரு பத்தியும் போகவில்லை, எல்லாம் மூச்சு முட்டி நின்றன.

பிறகு பிரதியை மூடிவைத்து, மனதில் நின்றதை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். ஐந்து வரி வந்தது, மூன்றில் அம்மா. மதுரைக்குப் படிக்கப் போனபோதெல்லாம் அப்பாதான் ஸ்டேஷனுக்கு வருவார்; அம்மா தெருமுனை அடிகுழாயோடு நின்றுவிடுவாள். பிரதியில் இதை மூன்று இடத்தில், போகிற போக்கில் அரை வாக்கியமாக எழுதியிருந்தேன். அழைக்காமல் திரும்பத் திரும்ப வந்தது அதுதான். ரயில் என்பது பொருள். அதற்குள் எதையும் அடைக்கலாம். அம்மா ஏன் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்பது கேள்வி. அதற்குள் அடைக்க முடியாது.

அந்தக் கேள்வியைத் தாளின் தலையில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகப் பார்த்தேன். அணை போனது, கணவாய் போனது. ஏலக்காய் மட்டும் போக மறுத்தது. அம்மா ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனவள். காலை வண்டிக்கு என்னை ஏற்றிவிட வந்தால் அரைநாள் கூலி போகும். முந்நூறு சொல்லில் இருந்த வியாபார வரலாறு இரண்டு வாக்கியமாகி, அப்போதுதான் கட்டுரைக்கு வேலை செய்தது.

வலித்தது அப்பாவை எடுத்தபோதுதான். அவரைப் பற்றிய இரண்டு பத்திகள் பிரதியிலேயே நல்லவை. ஆனால் அவை வேறொரு கேள்விக்குப் பதில். தனி உறையில் போட்டுவைத்தேன்.

கை மீறியும் போனது. 700-க்கு இறக்கியதும், வெளியூர் நண்பர் வாசித்துவிட்டு, "போடிக்கு அப்புறம் ரயில் எங்கே போகும்?" என்று கேட்டார். அங்கே மலை வந்துவிடும், பாதை முடிந்துவிடும் என்று ஒரு வரி திரும்பச் சேர்த்தேன். உள்ளூர்க்காரனுக்குத் தேவைப்படாத அந்த வரி இல்லாமல், ஸ்டேஷன் அவருக்கு ஸ்டேஷனாகவே தெரியவில்லை.

வெளிவந்த கட்டுரை அடிகுழாயில் தொடங்கியது. ஊரில் வாசித்த பெரியவர் ஒருவர் ஒரே ஒரு குறை சொன்னார்: "பென்னிகுவிக் பேரையே காணோமேப்பா!"