வாடகை ரசீதின் ஐந்து கட்டங்கள்

எங்கள் வீட்டுக்காரம்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த மாத வாடகை, வாங்கிய தேதி, தொகை, கொடுத்த விதம், கையெழுத்து என ஐந்து கட்டங்கள். மாதமும் தேதியும் தனித்தனியாக இருப்பதுதான் அழகு. ஜூன் வாடகை 12,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தேன். ஜூலை 5 அன்று 7,000 ரொக்கம், 12 அன்று 5,000 ஜிபே. இரண்டு வரி, இரண்டிலும் மாதக் கட்டத்தில் ‘ஜூன்’. அதனால் அது ஜூலை வாடகையோடு குழம்பவே இல்லை.

ரொக்கம் 5,000 ரூபாயைத் தாண்டியதால் முதல் வரியில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் ஓடுகிறது. ஜிபே வரியில் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பொடி எழுத்தில்.