மிச்சத் தாளின் கணக்கு

புதுக்கோட்டை போன்ற ஊரில் சின்ன அச்சகம் என்றால் திருவிழா நோட்டீஸும் பில் புக்கும்தான் அன்றாட வேலை. அங்கே அட்டையில் செருகித் தொங்கும் பேப்பர் ஸ்டாக் தாளை யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. அளவு, ஜிஎஸ்எம், முழு ரீம், உதிரி என நாலே கட்டங்கள். அழகெல்லாம் உதிரிக் கட்டத்தில் இருக்கிறது.

1000 நோட்டீஸ், டெம்மியில் எட்டில் ஒன்று. 23க்கு 36 அங்குல டபுள் டெம்மி ஒரு தாளில் பதினாறு விழும். 63 தாள் போதும். மிஷினில் வீணாவதற்கு மூன்று சேர்த்து 66 எடுத்ததும், 500 தாள் ரீம் உதிரியாகி, பென்சிலில் 434 என்று ஏறுகிறது.

அந்த எண்ணைச் சரிபார்க்கும் கைதான் அற்புதம். அடுக்கின் மூலையை விசிறியாக மடித்து, கட்டைவிரலால் ஐந்தைந்தாக விடுவிக்கும்போது சரசரவென்று ஒரே சீராக ஓசை வரும். இரண்டு தாள் ஒட்டியிருந்தால் காதே சொல்லிவிடும்.

தராசும் உதவும். 60 ஜிஎஸ்எம் ரீம் ஏறக்குறைய 16 கிலோ, 434 தாள் 13 கிலோ 910 கிராம். ஐப்பசி மழையில் மட்டும் தராசை நம்ப முடியாது. பிரித்த கட்டு ஈரம் குடித்து இல்லாத தாளையும் எடையில் காட்டும். அப்போது விரல்தான் எண்ண வேண்டும்.