வாசலில் நிற்கும் குறி

கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம்தானே, சேர்த்துத் தருபவருக்கு ஏன் கூலி என்று கேட்கிறார்கள். சந்துக்குள் வாசல் உள்ள தையல்கடைக்கு முகவரியை மட்டும் தட்டிவிட்டால், மேப்பில் இடக்குறி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடக்கூடும். கைதேர்ந்தவர் அதை இழுத்து வாசலில் வைப்பார். பெயர்ப்பலகையில் இல்லாத 'மலிவான', 'சிறந்த' என்ற சொற்களைக் கடைப்பெயரோடு ஒட்டமாட்டார்; அது விதிமீறல், பதிவே முடங்கலாம். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில், தினமும் விலை கேட்கப்படும் லைனிங் பிளவுஸையும் சுடிதாரையும் விலையோடு முதலில் வைப்பார். இந்தக் கவனத்துக்குத்தான் கூலி.

ஒருமுறை செய்துவிட்டுப் போனால் விவரம் பழசாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் நல்ல வேலைக்காரர் கடைக்காரரின் சொந்தக் கணக்கிலேயே பதிவைத் திறந்து, பொங்கல் விடுமுறை நேரத்தை அவர் கையாலேயே மாற்றவைத்துப் பார்த்த பிறகே பணம் வாங்குகிறார். தன் கணக்கில் திறந்துவைத்தவர் காணாமல்போனால், கடைக்காரர் உரிமை கோரி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதாகும்.