பெயர் மாற்றினாலும் பொருந்தும் துயரம்

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தமிழ்த் தன்வரலாறுகளைத் தொடர்ந்து வாசித்தால், சாவும் பிரிவும் வரும் இடங்களில் நடை திடீரென உலர்ந்துபோவது தெரியும். ‘பேரிடி’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று ஓரிரு சொற்கள் வரும். அடுத்த பத்தியில் உத்தியோகம், ஊர் மாற்றம். மகிழ்ச்சி என்றால் அது ‘மட்டற்ற மகிழ்ச்சி’ மட்டுமே.

இந்த வறட்சி எங்கிருந்து வருகிறது என்பதை யாழ்ப்பாணத்து நினைவு மலர்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 31ஆம் நாள் கிரியையன்று வழங்கப்படும் இவற்றைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்ச வரிசை ஆகியவற்றோடு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று தனித்தனியே செய்யுள்கள் இருக்கும். பெரும்பாலும் குடும்பத்தார் கேட்டு, ஊர்ப் புலவர் ஒருவர் எல்லார் வாயாகவும் பாடித் தருவார். ஒரு மாதத்துக்குள் அச்சாக வேண்டும், சபையில் வாசிக்கப்படும், எந்த உறவும் மனம் கோணக் கூடாது. அதனால் வீட்டுக்குள் மட்டும் தெரிந்தவை வெளியே நின்றுவிடுகின்றன. பெயரையும் ஊரையும் மாற்றினால் அதே புலம்பல் இன்னொருவருக்கும் பொருந்தும். இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். அந்த மலரின் வேலை சபைக்கு முன் இழப்பைப் பதிவு செய்வது. ஆனால் தன் கதையைத் தானே எழுதுகிறவர் அதே மொழியை எடுத்துக்கொள்ளும்போது, இறந்தவர் யார் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

இதற்கு நேர்மாறானது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940இல் ஆனந்த விகடனில் அது தொடராக வரத் தொடங்கியபோது அவர் எண்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதில் அவர் சொல்லும் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மரணம் 1876 பிப்ரவரி 1இல் திருவாவடுதுறையில் நிகழ்ந்தது. அப்போது சாமிநாதையருக்கு இருபது வயது. நோயில் தளர்ந்த ஆசிரியரை இன்னொரு மாணவரான சவேரிநாத பிள்ளை தம் மார்பில் சாத்திக்கொண்டிருக்கிறார். சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். தாங்கியிருந்தவர் கிறிஸ்தவர். சைவ மடத்து ஊரில், சைவப் பெரும்புலவர் ஒருவரின் கடைசி நேரம் அது. மாணவர் எல்லாரும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள் என்று தனியாக ஒரு வரி எழுதவே வேண்டாம். யார் தாங்கினார், யார் எதை வாசித்தார் என்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லவே கூடாது என்றில்லை. காட்சி முன்னே நின்றால், பின்னால் வரும் ‘துக்கம்’ என்ற சொல்லுக்கும் கனம் ஏறும். மறுபக்கம், விவரம் இருந்தால் மட்டும் போதாது. இன்றைய நினைவுக் குறிப்புகளில் ஆறிப்போன காப்பியும் ஜன்னலில் மழையும் அடிக்கடி வருகின்றன. அவையும் யாருடைய சாவுக்கும் பொருந்துகிறவைதான். சவேரிநாத பிள்ளையின் மார்பை மட்டும் இன்னொருவர் மரணத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.